அத்தியாயம் 9: இல்லாத மோதிரத்தை விரலில் ஏற்றுவது

கல்யாண ஆல்பம் செய்யும் எந்த ஸ்டூடியோவுக்கும் இந்த வேலை வராமல் போகாது. மோதிரம் பெரிதாக இருந்ததால் ஆசாரியிடம் திரும்பக் கொடுத்திருப்பார்கள். அல்லது கை கழுவும்போது கழற்றி வைத்து மறந்திருப்பார்கள். அட்டைப்படமாகப் போடலாம் என்று தேர்ந்தெடுத்த படத்தில் மட்டும் மாப்பிள்ளையின் விரல் வெறுமையாக இருக்கும். “அதுல ஒரு மோதிரம் வச்சுக் கொடுத்துடுங்க தம்பி” என்று பெண்ணின் அப்பா சொல்வார். கேட்பவருக்கு அது சின்ன வேலை.

மோதிரத்தை வெட்டி ஒட்டுவது சின்ன வேலைதான். ஒட்டியது ஒட்டியதாகத் தெரியாமல் இருப்பதற்கு நாம் உழைக்க வேண்டிய இடம் தங்கம் அல்ல, அதைச் சுற்றியிருக்கும் தோல். பார்ப்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்கத்தின் பளபளப்பு சரியா தவறா என்று சொல்லத் தெரியாது. ஆனால் விரலை எல்லோருக்கும் தெரியும். ஒரு பொருள் விரலை அழுத்தினால் சதை என்ன செய்யும் என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வந்திருக்கிறோம். தோல் அசையாமல் இருந்தால், மோதிரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கண் அதை ஏற்காது.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை போவோம். கல் பதிக்காத, 4 மில்லிமீட்டர் அகலமுள்ள, மேற்புறம் லேசாக உருண்ட 22 காரட் மோதிரம். நாகர்கோவில் பக்கத்துத் தேவாலயக் கல்யாணம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மணமகள் வெள்ளைப் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் மாப்பிள்ளையின் இடக்கை கவிழ்ந்து கிடக்கிறது. கேமரா எதிரே, சற்று மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறது. ஆகவே படத்தில் விரல்கள் கீழ்நோக்கி இருக்கின்றன. மோதிர விரலுக்கு இடப்பக்கம் நடுவிரல், வலப்பக்கம் சுண்டுவிரல். பெரிய ஜன்னல் ஒன்று படத்தின் இடப்பக்கத்தில், தம்பதிக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. பிளாஷ் போடவில்லை.

எந்தக் கை, எந்த விரல் என்பதை முதலிலேயே வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். வலக்கையில் போடும் குடும்பங்களும் உண்டு, இடக்கையில் போடுபவர்களும் உண்டு. அதே ஆல்பத்தின் மற்ற படங்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டால், அச்சுக்குப் போன பிறகு தொலைபேசி வராது.

மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல்

வேலையைத் தொடங்கும் முன் ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் எத்தனை பிக்சல்? மோதிரம் வீட்டாரிடம் இருக்கும். அதன் உள்விட்டத்தை வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே அளந்துகொள்ளுங்கள். நம் மோதிரத்துக்கு அது 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மோதிரம் உட்காரும் இடத்தில் விரலின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். படத்தில் அந்த இடத்தின் அகலம் 240 பிக்சல் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 12 பிக்சல்.

இந்த ஒரு எண் கிடைத்துவிட்டால் மற்ற எதையும் கண்ணால் ஊகிக்க வேண்டியதில்லை. 4 மில்லிமீட்டர் அகலம் 48 பிக்சல். விரல் கேமராவை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருப்பதால் அதில் ஓரிரண்டு குறையும். தகட்டின் தடிமன் 1.5 மில்லிமீட்டர், அதாவது 18 பிக்சல். பின்னால் வரப்போகும் நிழல்களையும் சதை மேட்டையும் இதே கணக்கில்தான் போடப்போகிறோம்.

அந்த 18 பிக்சலில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. மோதிரம் விரலைச் சுற்றி வெளியே இருப்பது. எனவே விரலின் இரு ஓரங்களிலும் அது தன் தடிமன் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். விரல் 240 பிக்சல் என்றால் மோதிரம் 276. புதிதாகச் செய்பவர்கள் விரலின் ஓரக்கோட்டோடு மோதிரத்தை வெட்டி நிறுத்திவிடுவார்கள். அப்போது மோதிரம் அணிந்ததாகத் தெரியாது, விரல்மேல் மஞ்சள் பெயின்ட் அடித்த மாதிரி தெரியும். ஒட்டுவேலைகள் பிடிபடும் முதல் இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

வளைவு எந்தப் பக்கம்

எவர்சில்வர் டம்ளரைக் கொஞ்சம் மேலிருந்து பார்த்தால் வாய் தெரியும். உடம்பில் போட்டிருக்கும் கோடுகள் வாயிலிருந்து விலகி, கீழ்நோக்கித் தொங்கும் வில்லாகத் தெரியும். விரலுக்கும் இதே விதிதான். நுனி கேமராவை நோக்கி வந்தால் மோதிரத்தின் வில் நுனியிலிருந்து விலகி மணிக்கட்டுப் பக்கம் புடைக்கும். நுனி கேமராவிலிருந்து விலகிப் போனால் வில் நுனிப் பக்கம் புடைக்கும். விரல் கேமராவுக்குச் சரியாகக் குறுக்கே கிடந்தால் மட்டுமே மோதிரம் நேர்ப்பட்டையாகத் தெரியும். நம் படத்தில் நுனிகள் கேமராப் பக்கம் வருகின்றன. எனவே வில் மேல்நோக்கி, மணிக்கட்டை நோக்கிப் புடைக்க வேண்டும். இது தலைகீழாகிவிட்டால், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் விரல் முறிந்தது போன்ற ஓர் உறுத்தல் வரும்.

எவ்வளவு புடைக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டும் எடுக்கலாம், ஆனால் அதைவிட எளிய வழி இருக்கிறது. உங்கள் விரலில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு கையை அதே மாதிரி மடியில் கவிழ்த்து, யாரையாவது அதே கோணத்தில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்த ரப்பர் பேண்டின் வளைவை அப்படியே அளந்துகொள்ளலாம். நம் படத்தில் விரல்கள் மடியிலிருந்து நன்றாகக் கீழே சரிந்திருக்கின்றன. கேமரா பார்வைக்கும் விரலின் நீளவாக்குக்கும் இடையே சுமார் 75 பாகைக் கோணம் வருகிறது. அப்படியானால் வில்லின் நடுப்பகுதி ஓரங்களைவிட சுமார் 30 பிக்சல் உயரமாக இருக்கும்.

மோதிரம் விரலின் அடிப்பகுதியில், விரலிடுக்குக்குச் சற்று முன்னால் உட்காரும். விரலிடுக்கையே தொடும்படி வைக்காதீர்கள், கணுவுக்கு அருகிலும் வைக்காதீர்கள். பலருக்குக் கணு அடிப்பகுதியைவிடத் தடிமனாக இருக்கும். அந்தக் கணுவைத் தாண்டி உள்ளே போன மோதிரம், அடியில் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்க முடியும். எனவே விரலுக்குச் சரியான செங்கோணத்தில் நிற்காமல் ஓரிரு பாகை சாய்ந்திருக்கும். வேண்டுமென்றே அந்தச் சிறு சாய்வைக் கொடுங்கள். துல்லியமான செங்கோணம் கணினி வைத்ததாகவே தெரியும்.

மோதிரத்தைப் படம் எடுப்பது

இந்த வேலையின் பாதி, மோதிரப் படத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. நகைக்கடைப் பட்டியலில் இருக்கும் படத்தை எடுத்து ஒட்டலாம் என்று தோன்றும். வேண்டாம். உலோகத்துக்கு, தோலுக்கோ துணிக்கோ இருப்பது போன்ற சொந்த வெளிச்சம் கிடையாது. அதில் நாம் பார்ப்பது சுற்றுப்புறத்தின் பிம்பம். தங்கமானால் அந்தப் பிம்பத்துக்கு மஞ்சள் சாயம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். பட்டியல் படங்கள் நாற்புறமும் வெள்ளைத் துணி கட்டி எடுக்கப்படுபவை. ஆகவே அந்த மோதிரத்துக்குள் இருப்பது வெள்ளைக் கூடாரம். அதை விரலில் வைத்தால் பக்கத்து விரல்கள் அதில் எங்கே என்று கண் தேடும்.

ஆசாரியிடமிருந்து மோதிரம் வந்ததும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்டூடியோவில் மாப்பிள்ளையின் நிறமும் விரல் தடிமனும் ஏறக்குறைய ஒத்த ஒருவர் விரலில் அதை மாட்டுங்கள். மடியில் வெள்ளைத் துணி ஒன்றை விரியுங்கள், ஏனென்றால் சேலையின் வெள்ளையும் மோதிரத்தில் விழ வேண்டும். ஜன்னல் இடப்பக்கம், கொஞ்சம் பின்னால். கேமரா அதே உயரம், அதே தூரம், அதே லென்ஸ். மூலப் படத்தின் கோப்பிலேயே லென்ஸின் குவியதூரம் பதிவாகியிருக்கும். 85 என்று இருந்தால் நீங்களும் 85-இல் எடுங்கள். அப்பர்ச்சரை மட்டும் f/11 அளவுக்குச் சுருக்கி, மோதிரம் முழுவதும் கூர்மையாக வரும்படி எடுங்கள். கூர்மையான படத்தைப் பின்னால் மங்கலாக்க முடியும், மங்கலானதைக் கூர்மையாக்க முடியாது. எடுக்கும் முன் மெல்லிய துணியால் மோதிரத்தைத் துடையுங்கள். விரல் ரேகை பதிந்திருந்தால் பெரிதாக்கும்போது அழுக்காகத் தெரியும்.

வீட்டார் வெளியூரில் இருந்து கைபேசியில்தான் படம் அனுப்ப முடியும் என்றால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கைபேசியை மோதிரத்துக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்க வேண்டும். அருகே போனால் மோதிரத்தின் முன்பக்கம் பெருத்தும் பின்பக்கம் சிறுத்தும் வரும். அந்தக் கோணலை எந்தக் கருவியாலும் முழுவதும் சரி செய்ய முடியாது.

விரலில் ஏற்றுதல்

ஃபோட்டோஷாப்பில் மோதிரத்தைத் தனி லேயராகக் கொண்டுவந்து Smart Object ஆக்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் பத்து முறை அளவை மாற்றினாலும் படம் கெடாது. வெட்டுவதற்கு Pen Tool-ஐப் பயன்படுத்துங்கள். மோதிரம் போன்ற சீரான வளைவுக்குத் தானியங்கித் தேர்வு சரிவராது, ஓரம் நெளியும். Free Transform-இல் அளவையும் சாய்வையும் சரி செய்த பிறகு, Warp-ஆல் வளைவைக் கொஞ்சம் திருத்தலாம். கொஞ்சம் என்றால் உண்மையிலேயே கொஞ்சம். 30 பிக்சல் வளைவு வேண்டிய இடத்தில் 25 இருந்தால் Warp உதவும். 5 தான் இருக்கிறது என்றால் மறுபடி படம் எடுப்பதே வழி. வளைவை வலிந்து மாற்றினால் உள்ளிருக்கும் பிம்பங்களும் சேர்ந்து இழுபட்டு, தங்கம் உருகினாற்போல் தெரியும்.

நடுவிரல் பக்கத்தில், விரலிடுக்கின் சதை மோதிரத்தின் ஓரத்தைக் கொஞ்சம் மறைக்கிறதா என்று பாருங்கள். மறைத்தால் மாஸ்க்கில் அந்தப் பகுதியைக் கறுப்பால் மறைத்துவிடுங்கள். ஓரிடத்திலாவது தோல் மோதிரத்துக்கு முன்னால் வந்துவிட்டால் நம்பகத்தன்மை சட்டென்று கூடும். ஆண்களின் விரலில் முடி இருக்கும். அதில் சில இழைகள் மோதிரத்தின் அடியில் போகும், ஓரிரண்டு ஓரத்தின்மேல் ஏறிக் கிடக்கும். மூலப் படத்திலிருந்தே இரண்டு மூன்று இழைகளைப் பிரதி எடுத்து மோதிரத்தின் விளிம்புமேல் கிடத்துங்கள். நான்காவது இழை வேண்டாம்.

தோல் தொடும் இடம்

இங்கேதான் நிதானிக்க வேண்டும். மோதிரம் தோலைத் தொடும் இடத்தில் இரண்டு வகை நிழல்கள் இருக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாக்கி, மோதிரத்தைச் சுற்றி ஒரே சீரான கறுப்புப் புகையைப் போட்டுவிடுகிறார்கள். Layer Style-இல் இருக்கும் Drop Shadow செய்வது அதைத்தான். அதனால் மோதிரம் விரலில் உட்காராது, விரலுக்கு மேலே மிதக்கும்.

முதல் வகை, ஒட்டுநிழல். உலோகமும் தோலும் சந்திக்கும் இடுக்கில் வெளிச்சம் நுழைய முடியாமல் உண்டாகும் கோடு அது. ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இரு விளிம்பிலும் இருக்கும். அகலம் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இருந்தால் போதும். நம் கணக்கில் 4 பிக்சல். கூர்மையாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும், ஆனால் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது.

எங்கே ஆழம், எங்கே மெலிவு என்பதை எடை தீர்மானிக்கிறது. தளர்ந்த மோதிரம் விரலில் தொங்கித்தான் கிடக்கும். கை எப்படித் திரும்பியிருந்தாலும், வானத்தைப் பார்த்திருக்கும் பக்கத்தில் தோலைத் தொடும், தரையைப் பார்த்திருக்கும் பக்கத்தில் இடைவெளி விழும். கவிழ்ந்த கையில் புறங்கைப் பக்கம் மேலே இருக்கிறது. எனவே நம் படத்தில் மோதிரத்தின் நடுவே ஒட்டுநிழல் இறுக்கமாக இருக்கும். இரு ஓரங்களுக்கும் போகப் போக நிழல் அகன்று, கொஞ்சம் மென்மையாகும்.

இரண்டாவது, விழுநிழல். இது ஒளிக்கு எதிர்ப்பக்கம் மட்டும்தான். ஜன்னல் பின்னால், மணிக்கட்டுப் பக்கம் இருப்பதால் நிழல் மோதிரத்தின் நுனிப் பக்கம் விழும். ஜன்னல் பெரியது, எனவே ஓரம் மங்கலாக இருக்கும். ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அகலம், அதாவது 12 முதல் 24 பிக்சல், மோதிரத்திலிருந்து விலக விலகக் கரைந்துபோக வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தால் சுண்டுவிரலின் பக்கவாட்டிலும் மோதிரத்தின் மெல்லிய நிழல் ஒன்று விழும். இதைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு நிழலுக்கும் தனித்தனி லேயர், இரண்டுமே மோதிர லேயருக்குக் கீழே, Multiply முறையில். நிறம் கறுப்பு அல்ல. தோலுக்குள் நுழையும் வெளிச்சம் இரத்தச் சிவப்பை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. அதனால் தோலின் நிழல் எப்போதும் செம்பழுப்பாக இருக்கும். அதே படத்தில் இரண்டு விரல்கள் ஒட்டியிருக்கும் இடுக்கில் Eyedropper-ஐ வைத்து அந்த நிறத்தை எடுங்கள். மாநிறத் தோலில் அது R 92, G 48, B 34 போன்ற ஓர் எண்ணாக இருக்கலாம். ஒவ்வொரு படத்திலும் மாறும் என்பதால் என் எண்ணை நகலெடுக்காதீர்கள். ஒட்டுநிழலுக்கு அந்த நிறத்தையே கொடுத்து, விழுநிழலின் Opacity-ஐ 30, 40 அளவில் வைத்துத் தொடங்குங்கள்.

நிழல் முடிந்ததும் சதை. கையின் லேயரைப் பிரதி எடுத்து, Filter பட்டியலில் Liquify-ஐத் திறக்கவும். மோதிரத்தின் இரு விளிம்புக்கும் வெளியே, விரலின் ஓரக்கோட்டைத் தூரிகையால் மிக லேசாக வெளியே தள்ளுங்கள். அரை மில்லிமீட்டருக்குள், அதாவது 4 முதல் 6 பிக்சல். விரலிடுக்குப் பக்கம் சதை அதிகம், அங்கே மேடு கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். கணுப் பக்கம் எலும்பு அருகில் இருப்பதால் கிட்டத்தட்ட ஒன்றுமே வேண்டாம். மேட்டின் ஒளிப் பக்கத்தில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோட்டைச் சேர்த்தால் அது உருண்டு நிற்கும்.

இதில் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. இருபது ஆண்டு மோதிரம் போட்ட விரலில் அந்த இடம் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும், அங்கே தோலும் வெளுத்திருக்கும். வெள்ளிவிழாத் தம்பதியின் படம் என்றால் அந்த ஒடுக்கம் வேண்டும். நேற்றுக் கல்யாணமான மாப்பிள்ளைக்கு அது வந்தால் விபரீதம்.

தங்கத்துக்குள் என்ன தெரிகிறது

படத்தில் ஒளி எங்கிருந்து வருகிறது என்று சந்தேகம் வந்தால் நகங்களைப் பாருங்கள். நகம், விரலைப் போலவே பக்கவாட்டில் உருண்ட ஒரு சிறு கண்ணாடி. மோதிர விரலின் நகத்தில் வெளிச்சக் கீற்று இடப்பக்க மூன்றில் ஒரு பங்கில் இருந்தால், மோதிரத்திலும் முதன்மையான கீற்று ஏறக்குறைய அதே இடப்பக்க மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும். நகத்தில் கீற்று இடப்பக்கமும் மோதிரத்தில் வலப்பக்கமும் இருந்தால், நீங்கள் மோதிரப் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

கீற்றின் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளை ஜன்னல் தங்கத்தில் வெள்ளையாகத் தெரியாது. தங்கம் நீல ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புகிறது. எனவே வெள்ளை அதில் R 255, G 226, B 155 போன்ற ஒரு மஞ்சளாகத்தான் விழும். 22 காரட்டில் கலந்த செம்பு அதை இன்னும் கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளும். கீற்றின் மிகப் பிரகாசமான நடுப்பகுதி மட்டும் வெளுத்துப்போகலாம். கீற்று முழுவதும் தூய வெள்ளை என்றால் அது கில்ட்டு நகை மாதிரியோ பிளாஸ்டிக் மாதிரியோ ஆகிவிடும்.

கீற்றுக்குப் பக்கத்திலேயே இருட்டு வேண்டும். உருண்ட உலோகம் ஒரு அறை முழுவதையும் சில மில்லிமீட்டருக்குள் நெருக்கிப் பிடித்துவிடுகிறது. ஜன்னல், அதை அடுத்த இருண்ட சுவர், கேமராக்காரரின் கறுப்புச் சட்டை எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிய மெல்லிய கோடுகளாகிவிடும். அதனால் பிரகாசமான மஞ்சளிலிருந்து ஆழ்ந்த பழுப்புக்கு இரண்டு மூன்று பிக்சலில் தாவும். மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மெதுவாகக் கரையும் Gradient போட்ட மோதிரங்கள் பொம்மைக்கடை மோதிரங்களாக இருப்பதற்குக் காரணம் இந்தத் தாவல் இல்லாததுதான்.

இனி, தொடுவதற்குச் சாட்சியாக நிற்கும் பிம்பம். உருண்ட மோதிரத்தின் இரு விளிம்புகளும் தோலை நோக்கிச் சரிகின்றன. அந்தச் சரிவில் தெரிவது அடுத்திருக்கும் தோலே. எனவே இரு விளிம்பிலும் தோலின் நிறத்தைத் தங்கத்தில் தோய்த்தெடுத்தது போன்ற அடர் ஆரஞ்சுக் கோடு ஒன்று ஓட வேண்டும். வேறொருவர் விரலில் மாட்டி எடுத்தோம் என்றால் அது தானாகவே வந்திருக்கும். அவருடைய நிறம் மாப்பிள்ளையின் நிறத்தைவிட வெளுப்பு என்றால், மோதிர லேயர்மேல் ஒரு லேயரை Clipping Mask-ஆக வைத்து, Multiply-இல், மாப்பிள்ளையின் தோல் நிறத்தால் அந்த விளிம்புகளை மட்டும் மெல்லியதாகத் தொடுங்கள். நடுவிரல் நெருங்கியிருக்கும் இடப்பக்க ஓரத்திலும் இதே நிறம் கொஞ்சம் அகலமாக வரும். வலப்பக்க ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் இதற்கும் இடையே கீழே தெரியும் வெள்ளைச் சேலை ஒரு மெல்லிய வெளிச்ச நூலாகத் தெரியும். அந்த நூல் இல்லாவிட்டால் மோதிரத்தின் வலப்பக்கம் நிழலில் கரைந்து காணாமல் போகும்.

தங்கமும் தோலுக்குத் தன் பங்கைத் திருப்பித் தரும். ஜன்னல் வெளிச்சம் மோதிரத்தில் பட்டு, பக்கத்துத் தோலில் மஞ்சளாகச் சிதறும். இந்த மாதிரி மென்மையான ஒளியில் அது கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததுமாக இருக்கும். நேர் வெயிலில் எடுத்த படமானால் மட்டும் நடுவிரல்மேல் வளைந்த ஒரு மஞ்சள் கீற்றைத் துணிந்து போடலாம்.

கூர்மையும் துகளும்

மோதிரம் நகத்தைவிடக் கூர்மையாக இருக்கக் கூடாது. அது உட்கார்ந்திருக்கும் தோலின் மயிர்த்துளைகள் எவ்வளவு தெளிவோ, மோதிரத்தின் விளிம்பும் அவ்வளவே தெளிவாக இருக்க வேண்டும். Gaussian Blur-ஐ 0.5 பிக்சலில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். அதன்பின் துகள். மங்கிய வெளிச்சத்தில் உயர்ந்த ஐ.எஸ்.ஓ. வைத்து எடுத்த மூலப் படத்தில் துகள் இருக்கும், ஸ்டூடியோவில் எடுத்த மோதிரம் வழவழப்பாக இருக்கும். Add Noise-ஆல் கொஞ்சம் சேர்த்து, 200 விழுக்காடு பெரிதாக்கி ஒப்பிடுங்கள். மணமகளின் சங்கிலியோ வளையலோ அதே படத்தில் இருந்தால் நிறத்துக்கும் கருமைக்கும் அதுதான் உரைகல். அதன் மிக இருண்ட புள்ளியைவிட மோதிரத்தின் இருண்ட புள்ளி கறுப்பாக இருந்தால் Curves-இல் அடிமுனையைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

சோதனைக்கு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயரை வைத்து, கோட்டை நன்றாக மேலே இழுத்துப் படத்தை வெளுக்கச் செய்யுங்கள். மாஸ்க்கின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பழைய பின்னணி விளிம்பும், நிழல் சட்டென்று முடியும் இடமும் அப்போது அம்பலமாகும். பிறகு ஒரு Black & White லேயர். நிறத்தை நீக்கியும் மோதிரம் உட்கார்ந்திருந்தால் ஒளி சரியாக இருக்கிறது. நிறத்தோடு பார்க்கும்போது மட்டும் உறுத்தினால் திருத்த வேண்டியது மஞ்சளை மட்டும்தான்.

கைக்கடிகாரமானால்

மேலே சொன்னதெல்லாம் வாட்சுக்கும் பொருந்தும். மாறும் இடங்கள் மூன்று.

மணிக்கட்டு விரலைப் போல உருண்டை அல்ல, தட்டையான நீள்வட்டம். எனவே பட்டை மேற்புறத்தில் கிட்டத்தட்ட நேராகப் போய், ஓரத்தில் சட்டென்று மடங்கும். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் துருத்தும் எலும்பு மேட்டுக்கு முழங்கைப் பக்கமாகத்தான் பெரும்பாலோர் வாட்சைக் கட்டுவார்கள். மேட்டின்மேலேயே வைத்தால் சாய்ந்து நிற்கும். வட்டப் பெட்டியின் கனத்தால் அதன் ஓரத்துக்கும் தோலுக்கும் இடையே ஒரு இடைவெளி தெரியும். அங்கே ஒட்டுநிழல் கோடு வராது, மங்கிய அகலமான நிழல்தான் வரும். தோல் பட்டையானால் சதை மேடு மோதிரத்தில் இருப்பதைவிடத் தெளிவாக வேண்டும்.

இரண்டாவது கண்ணாடி. மோதிரம் உருண்டது, எனவே எங்கிருந்து பார்த்தாலும் அதில் ஏதோ ஒரு கீற்று இருக்கும். தட்டைக் கண்ணாடி அப்படியல்ல. ஜன்னல் சரியான கோணத்தில் இருந்தால் முழு ஜன்னலும் அதில் தெரியும், இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. நேராகப் பார்க்கும்போது சாதாரணக் கண்ணாடி, மேற்பரப்பில் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது. பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கப் பார்க்க அது கூடும். எனவே மேலிருந்து எடுத்த படத்தில் டயல்மேல் பெரிய வெள்ளைப் பட்டை போடாதீர்கள். மெல்லிய பிம்பம் ஒன்றை Screen முறையில், கீழிருக்கும் எண்கள் தெரியும்படி வைத்தால் போதும். டயல் கண்ணாடிக்குக் கீழே பள்ளத்தில் இருப்பதால், ஒளிப் பக்கத்து விளிம்பின் நிழல் டயல்மேல் ஒரு பிறையாக விழும். பட்டியல் படத்திலிருந்து எடுத்த வாட்சில் இந்தப் பிறை பெரும்பாலும் இருக்காது, நாம்தான் போட வேண்டும்.

மூன்றாவது மணி. விளம்பரப் படங்களில் வாட்ச் பெரும்பாலும் பத்து மணி பத்து நிமிடத்தையே காட்டும். விடியற்காலை முகூர்த்தப் படத்தில் அது 10.10 காட்டினால் ஊர் முழுக்கச் சிரிக்கும். முட்களைத் தனியே வெட்டித் திருப்புங்கள், நிழலையும் சேர்த்து. படத்தைத் திருப்பிப் போட்டிருந்தால் சாவி இடப்பக்கம் வந்து, எண்களும் தலைமாறி நிற்கும். இதுவும் அச்சுக்குப் போய்விட்ட ஆல்பங்கள் உண்டு.

எந்த வேலையை ஏற்க வேண்டாம்

வைரமோ பல முகம் தீட்டிய கல்லோ பதித்த மோதிரத்தை இந்த முறையில் ஏற்றாதீர்கள். கல்லின் ஒவ்வொரு முகமும் வெவ்வேறு திசையைக் காட்டுகிறது. ஒளி கொஞ்சம் மாறினாலும் மின்னும் இடம் முழுவதும் மாறும், அதைக் கையால் வரைந்து சரி செய்ய முடியாது. மாப்பிள்ளையையே வரச் சொல்லி, மோதிரத்தோடு கையை மட்டும் அதே ஜன்னலில் எடுத்து, கையையே மாற்றுவது எளிது. காப்பீட்டுக்கோ வழக்குக்கோ காட்டப் போகும் படம் என்று தெரிந்தால் எந்த மோதிரத்தையும் ஏற்றாதீர்கள்.

வீட்டாருக்குக் கொடுத்த பிறகும் லேயர்களைச் சேர்த்துவிடாமல் கோப்பை அப்படியே வைத்திருங்கள். 12×36 ஆல்பத்தில் அட்டைப்படம் விரிந்து அச்சாகி வந்ததும், “மோதிரம் இன்னும் கொஞ்சம் அகலமா இருந்ததே” என்று ஒரு அழைப்பு வரும். மில்லிமீட்டருக்கு 12 பிக்சல் என்பதை அந்தக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.